பீஸ் 48,000 என்றால் வருஷச் செலவு எவ்வளவு?

"பையன் இந்த வருஷம் ஆறாம் வகுப்பு, மெட்ரிக் பள்ளி. பீஸ் 48,000 என்றுதான் சொன்னார்கள். ஆனால் புத்தகம், யூனிஃபார்ம், வேன், டியூஷன் எல்லாம் சேர்த்தால் வருஷம் முடிவதற்குள் லட்சத்தைத் தொட்டுவிடும் போலிருக்கிறது. ஜூனில் மனைவியின் நகையை 30,000-க்கு அடகு வைத்துத்தான் சமாளித்தேன். சம்பளம் 42,000. அடுத்த ஜூனிலும் இதே நிலைமை வராமல் இருக்க மாதம் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்? எதைக் குறைக்கலாம்?"

உங்கள் கஷ்டம் தொகையால் வந்ததைவிடத் தேதியால் வந்தது என்று நினைக்கிறேன். நான் 16 வருஷம் ஒரு மெட்ரிக் பள்ளியின் ஆபீஸில் பீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள், இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவளும்கூட. மே கடைசியில் கண் கலங்கி நின்றவர்களில் பாதிப் பேர் வருஷத்தில் மொத்தமாகப் பார்த்தால் கட்டக்கூடியவர்கள்தான். சம்பளம் பன்னிரண்டாகப் பிரிந்து வருகிறது, பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்கு ஆறு வாரத்துக்குள் வந்து விழுகிறது. அந்த ஆறு வாரத்துக்குத்தான் நகை பீரோவை விட்டு வெளியே போகிறது.

முதலில் முழுக் கணக்கையும் ஒரு தாளில் போட்டுவிடுவோம். நீங்கள் சொன்ன மாதிரிப் பள்ளியில், நடுத்தர ஊரில், ஆறாம் வகுப்புக்கு இப்படி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ரசீதைப் பார்த்து எண்ணை மாற்றிக்கொள்ளலாம். பீஸ் மூன்று டெர்முக்கு 16,000 வீதம் 48,000. புத்தகம், நோட்டு சேர்த்துப் பள்ளியே கொடுக்கும் கட்டு 5,800. யூனிஃபார்ம் இரண்டு செட், புதன்கிழமை போடும் கலர் டிரஸ், கறுப்பு ஷூ, வெள்ளை ஷூ, சாக்ஸ், பெல்ட், டை எல்லாம் சேர்ந்து சுமார் 5,100. பை, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் 1,500. இவை போக, வருஷத்தின் நடுவில் ஒரு பேன்ட்டும் ஒரு ஷூவும் மறுபடி வாங்க வேண்டி வரும், அதற்கு 1,400. வேன் மாதம் 1,600 வீதம் 11 மாதம், 17,600. டியூஷன் மாதம் 1,200, பத்து மாதத்துக்கு 12,000. கடைசியாக யாரும் எழுதி வைக்காத சில்லறை: ஆண்டு விழா டிரஸ் வாடகை, சுற்றுலா, ஒலிம்பியாட் தேர்வு, சார்ட் பேப்பர், தெர்மாகோல், வகுப்பில் கொடுக்கப் பிறந்தநாள் சாக்லேட். இதற்கு மாதம் 500 என்று பத்து மாதத்துக்கு 5,000. கூட்டினால் 96,400 வரும். நீங்கள் பயந்தது சரிதான்.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். பீஸ் கிட்டத்தட்டப் பாதிதான். நாற்பது, ஐம்பதாயிரம் பீஸ் வாங்கும் பள்ளிகளில், வேனும் டியூஷனும் உண்டு என்றால், சொன்ன பீஸை இரண்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட வருஷச் செலவு வந்துவிடும் என்பது என் அனுபவத்தில் வந்த கைக்கணக்கு. ஒன்றரை லட்சம் வாங்கும் பள்ளிக்கு இதே பெருக்கல் பொருந்தாது, பீஸ் மூன்று மடங்கு ஆனாலும் வேன் வாடகையும் ஷூவும் மூன்று மடங்கு ஆகிவிடாது. இருபதாயிரம் பீஸ் உள்ள சின்னப் பள்ளியிலோ நேர் எதிர், வெளிச்செலவு பீஸையே தாண்டிவிடும். "அந்தப் பள்ளியில் பீஸ் கம்மி" என்று மாற்றும்போது பலர் ஏமாறுவது இங்கேதான். பீஸில் 10,000 மிச்சம் என்று ஊருக்கு வெளியே இருக்கும் பள்ளியில் சேர்த்துவிட்டு, வேனுக்கு மாதம் 900 கூடுதலாகக் கொடுப்பார்கள். 11 மாதத்தில் அந்த மிச்சம் அப்படியே போய்விடும்.

இனி தேதிக்கு வருவோம். 96,400-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,000 சொச்சம். ஆனால் அப்படி வகுப்பதில் பிரயோஜனம் குறைவு. செலவை இரண்டு கூடையாகப் பிரித்துவிடுங்கள். வேன், டியூஷன், சில்லறை மூன்றும் மாதாமாதம் வருபவை, மொத்தம் மாதம் 3,300. இது பால் காசு, கேபிள் காசு மாதிரி சம்பளத்திலிருந்து நேராகப் போகட்டும். மற்றவை எல்லாம் கட்டியாக வருபவை: மூன்று டெர்ம் பீஸ், புத்தகம், துணி, பை, நடுவருஷ பேன்ட். இவற்றின் கூட்டுத்தொகை சுமார் 61,800. பன்னிரண்டால் வகுத்தால் 5,150, முழுமையாக 5,200 என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் மாதாமாதம் ஒதுங்கி நிற்க வைக்க வேண்டிய காசு இதுதான்.

நீங்கள் ஜூன் செலவை முடித்துவிட்டதால் ஜூலையிலிருந்து ஓட்டிப் பார்ப்போம். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதத்தில் 15,600 சேரும், செப்டம்பர் கடைசியில் இரண்டாம் டெர்ம் 16,000 கட்ட வேண்டும், 400 ரூபாய் மட்டும் கையிலிருந்து போடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மறுபடி 15,600. நவம்பரில் பேன்ட், ஷூ 1,400 போனால் 14,200 மீதி. ஜனவரிச் சம்பளத்தில் 5,200 சேர்ந்ததும் மூன்றாம் டெர்ம் கட்டிவிடலாம், 3,400 கையில் நிற்கும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் முடியும்போது 19,000. ஏப்ரல் கடைசியில் அடுத்த வருஷ முதல் டெர்ம் 16,000 கேட்பார்கள், 3,000 மிஞ்சும். மே மாதத்துக்கும் ஜூன் முதல் தேதிக்கும் சேர்த்து 10,400 வர, கையில் 13,400. புத்தகம், துணி, பை மூன்றுக்கும் 12,400. கடைசியில் ஆயிரம் ரூபாய் மிச்சம், நகை பீரோவிலேயே இருக்கும்.

இந்த ஓட்டத்தில் இரண்டு இடம் நூலிழையில் நிற்கிறது, செப்டம்பரும் ஜூன் முதல் வாரமும். உங்கள் பள்ளி இரண்டாம் டெர்மை ஆகஸ்ட் 31-க்குள் கேட்டால் 5,600 துண்டு விழும். ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டிய முதல் வேலை, ஆபீஸில் போய் மூன்று டெர்மின் கடைசித் தேதியையும், அபராதம் எந்தத் தேதியிலிருந்து என்பதையும் கேட்டுக் காலண்டரில் எழுதுவது. இரண்டும் ஒன்றல்ல. எங்கள் பள்ளியில் "கடைசித் தேதி 10" என்று டைரியில் அச்சடித்திருக்கும், அபராதம் 25-க்கு மேல்தான் போடுவோம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. அதற்குள் ஒரு சம்பள நாள் விழுந்துவிடும் என்பதால் அந்தப் பதினைந்து நாள் சின்ன விஷயமில்லை.

அடகு வைத்த நகையையும் இதே கணக்கில் சேர்க்காதீர்கள், அது போன ஜூனின் கடன். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் 30,000-க்கு மாதம் 300, அடகுக் கடையில் இரண்டு வட்டி என்றால் 600. கடையில் வைத்திருந்தால் வங்கிக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள், அந்த வித்தியாசமே பையனின் கறுப்பு ஷூவுக்கு ஆகும். தீபாவளி போனஸ் வரும் வேலை என்றால் அதில் முதல் செலவாக நகையை மீட்டுவிடுங்கள், ஏனென்றால் 3,300-ம் 5,200-ம் சேர்ந்து ஏற்கெனவே உங்கள் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் மாதாமாதம் நகைக் கடனும் கட்டுவது, வாடகை வீடு என்றால், பெரும்பாடு.

காசை எங்கே வைப்பது? எங்கள் பக்கம் பலர் ஏலச்சீட்டில் போட்டுவிட்டு மே மாதம் எடுக்கலாம் என்று இருப்பார்கள். சீட்டு கெட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதே சீட்டில் இருக்கும் இருபது குடும்பத்துக்கும் மே மாதம்தான் பள்ளி பீஸ். எல்லாரும் அந்த மாத ஏலத்தில் கேட்பதால் தள்ளு ஏறிப்போய், கட்டியதைவிடக் குறைவாக எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். சீட்டுதான் பழக்கம் என்றால் மார்ச்சிலேயே எடுத்து வங்கியில் போட்டுவிடுங்கள். தபால் ஆபீஸ் ஆர்.டி. ஐந்து வருஷத்துக்கானது, இந்த வேலைக்கு ஒத்துவராது. வங்கி ஆர்.டி. ஒரு வருஷத்துக்குப் போடலாம், ஆனால் உங்களுக்கு வருஷத்தில் ஐந்து முறை காசு எடுக்க வேண்டியிருக்கிறதே. எனக்குச் சரியாக வந்தது இன்னும் எளிமையானது. ஏ.டி.எம். கார்டோ ஜிபேயோ இணைக்காத ஒரு தனி சேமிப்புக் கணக்கு, சம்பளம் வந்த மறுநாள் 5,200 தானாக அதற்குப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுவது. வட்டி சொற்பம்தான். இந்தக் காசு நான்கு மாதத்துக்கு மேல் எங்கும் நிற்கப்போவதில்லை, வட்டிக்காக அலைவதில் அர்த்தமில்லை.

குறைப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பீஸில் குறைப்பது உங்கள் கையில் பெரிதாக இல்லை, ஆனால் அது சரியான பீஸா என்று பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2009-ல் வந்த கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு தனியார் பள்ளிகளுக்கு வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது, ஒருமுறை நிர்ணயித்தால் மூன்று கல்வியாண்டுக்கு. உங்கள் பள்ளிக்கு ஆறாம் வகுப்புக்கு என்ன தொகை என்று அந்த ஆணையில் இருக்கும், ஆபீஸில் கேட்கலாம். உங்கள் ரசீதுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில இடங்களில் இரண்டு ரசீதுப் புத்தகம் இருக்கும். ஒன்றில் குழு நிர்ணயித்த தொகை, பள்ளி முத்திரையோடு. இன்னொன்று டிரஸ்ட் பெயரிலோ, வெறும் வெள்ளைத் தாளிலோ, 'ஆக்டிவிட்டி', 'ஸ்மார்ட் கிளாஸ்' என்ற பெயரில். நான் வேலை பார்த்த இடத்திலும் சில வருஷம் அப்படி ஓடியது, நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன், பெருமையாகச் சொல்லவில்லை. அதிகமாக வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் அதிகாரம் குழுவுக்கு உண்டு. ஆனால் பிள்ளை அங்கேயே படித்துக்கொண்டிருக்கும்போது தனி ஆளாகப் புகார் கொடுப்பவர்கள் குறைவு, பத்துப் பெற்றோர் சேர்ந்து ஆணை நகலோடு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். வரிச் சலுகை பற்றிச் சிலர் சொல்லியிருப்பார்கள்: 80சி பிரிவில் டியூஷன் ஃபீஸ் காட்டுவது பழைய வரிமுறைக்கு மட்டும்தான், அதிலும் வேன், டெவலப்மென்ட் ஃபீஸ், வெளி டியூஷன் எதுவும் சேராது. புதிய வரிமுறையில் உங்கள் சம்பளத்துக்கு வரியே இல்லை, அதை மறந்துவிடுங்கள்.

உண்மையில் கை வைக்க முடிகிற இடம் புத்தகக் கட்டு. 5,800 ரூபாய்க் கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அட்டை போடுவதற்கு முன் தரையில் பரப்பி மூன்று குவியலாகப் பிரியுங்கள். பாடநூல் கழகம் அச்சிட்ட புத்தகங்கள் ஒரு குவியல், இவற்றின் விலை புத்தகத்திலேயே அச்சாகியிருக்கும், கூட்டிப் பார்த்தால் கட்டில் இது சின்னப் பங்கு என்று தெரியும். இரண்டாவது குவியல் தனியார் பதிப்பகங்களின் கம்ப்யூட்டர், பொது அறிவு, ஆங்கில இலக்கணம், ஹிந்தி, நீதி போதனை. காசு இங்கேதான். இவற்றில் பாதி, வருஷக் கடைசியில் முதல் நான்கு பாடத்துக்கு மேல் பேனா படாமல் இருக்கும். மேல் வகுப்புப் பையனிடமிருந்து வாங்கிக்கொள்ளக் கூடியவையும் இவைதான். 'கட்டாக மட்டும்தான் தருவோம்' என்று ஆபீஸில் சொல்வார்கள். எங்களிடம் 'அண்ணன் புத்தகம் இருக்கிறது, நோட்டு மட்டும் கொடுங்கள்' என்று கரஸ்பாண்டன்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம், வாயால் கேட்டவர்களுக்கு இல்லை என்றோம். ஒன்று ஜாக்கிரதை. பதிப்பு மாறியிருந்தால் பழைய புத்தகத்தில் பக்க எண் ஒத்துவராமல் பையன் வகுப்பில் திணறுவான். வாங்குமுன் அட்டைக்கு அடுத்த பக்கத்தில் பதிப்பு வருஷத்தைப் பாருங்கள்.

மூன்றாவது குவியல் நோட்டு. ஆறாம் வகுப்புக்கு 22 நோட்டு கொடுப்பார்கள், பள்ளிப் பெயர் போட்ட அட்டையோடு. மார்ச் மாதம் பையனின் பையைக் கவிழ்த்துப் பாருங்கள், ஆறேழு நோட்டு பத்துப் பக்கத்தோடு நின்றிருக்கும், கணக்கு நோட்டு மட்டும் ஆகஸ்டிலேயே தீர்ந்து இன்னொன்று வாங்கியிருப்பீர்கள். என் மகனின் மிச்சப் பக்கங்களைக் கிழித்து எடுத்துக் கடையில் கொடுத்துத் தைத்து பைண்ட் செய்து அடுத்த வருஷ ரஃப் நோட்டாக்கினேன், மூன்று தடித்த நோட்டு வந்தது. பெயர் போட்ட அட்டைதான் வேண்டும் என்று பள்ளி பிடிவாதம் பிடிக்காவிட்டால், அதே பக்கக் கணக்கில் மொத்தக் கடையில் டஜனாக வாங்குவது மலிவு. பயிற்சி நோட்டுக்கும் பென்சில், ரப்பருக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது, பில்லில் வரி போட்டிருந்தால் கேளுங்கள்.

யூனிஃபார்மில் ஆறாம் வகுப்பு ஒரு கெட்ட வருஷம். நிறையப் பள்ளிகளில் பையன்களுக்கு அரை டிராயர் போய் முழு பேன்ட் வருவது ஆறில்தான், பெண் பிள்ளைகளுக்குச் சுடிதார் வருவதும் இந்தப் பக்கம்தான், அதனால் போன வருஷத் துணி ஒன்றும் உதவாது. இந்த 5,100 உங்களுக்கு அடுத்த வருஷம் முழுதாக வராது, மேல் சட்டையும் கலர் டிரஸும் தப்பினால் பாதிதான் ஆகும். ஆனால் இந்த வயதில் பையன்கள் வளரும் வேகத்தை வைத்துப் பார்த்தால், ஜூனில் மூன்று செட் வாங்குவது நஷ்டம். இரண்டே போதும், மூன்றாவதை நவம்பருக்கு விடுங்கள், அப்போதைய அளவுக்கு எடுத்தால் அது அடுத்த வருஷத்திலும் பாதி ஓடும். கட்டம் போட்ட துணி பள்ளியிலோ அவர்கள் சொன்ன கடையிலோதான் கிடைக்கும், வேறு வழியில்லை. ஆனால் ரெடிமேடாக வாங்காமல் துணியாக வாங்கினால், டெய்லரிடம் பேன்ட் கால் அடியில் மூன்று இஞ்ச் உள்மடிப்பும், இடுப்பில் பின்பக்கத் தையலில் ஒரு இஞ்சும் விட்டுத் தைக்கச் சொல்லலாம். ஜனவரியில் பிரித்துவிட்டால் பழைய மடிப்புக் கோடு லேசாகத் தெரியும், பையன் முனகுவான், பேன்ட் ஏப்ரல் வரை வரும். ஷூவுக்கு நவம்பரில் காசு ஒதுக்கச் சொன்னதன் காரணம் மழை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடர்ந்து நனைந்த ஷூவின் அடிப்பாகம் வாய் பிளந்துவிடும், ஜூனில் எவ்வளவு நல்லதாக வாங்கினாலும்.

வேனைப் பொறுத்தவரை மாதத் தொகையைவிட எத்தனை மாதம் என்பதுதான் கேள்வி. சிலர் பத்து மாதம், சிலர் பதினொன்று, சில பள்ளிப் பேருந்துகளில் பீஸோடு சேர்த்து டெர்ம் கணக்கில் வாங்கிவிடுவார்கள், வருஷத்துக்கு இவ்வளவு என்று. மாதம் 1,600 வீதம் 11 மாதம் வாங்கும் தனியார் வேனும், வருஷத்துக்கு 18,000 வாங்கும் பள்ளிப் பேருந்தும் கிட்டத்தட்ட ஒன்றுதான், கேட்கும்போது பேருந்து அதிகம் போலத் தோன்றும். நடுவில் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். தனியார் வேன்காரர் அக்டோபரில் வண்டி பழுது என்று நின்றுவிட்டால் பள்ளிப் பேருந்தில் இடம் கேட்டுப் போவீர்கள், அப்போது சில பள்ளிகளில் மீதி மாதத்துக்குப் பதில் முழு டெர்முக்கும் கேட்பார்கள். பணத்தை மிச்சப்படுத்த பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போகும் ஆம்னி வேனிலோ ஆட்டோவிலோ ஏற்றிவிட மட்டும் வேண்டாம். 2012-ல் வந்த பள்ளி வாகனச் சிறப்பு விதிகள்படி பள்ளிப் பேருந்துக்கு உதவியாளர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, தீயணைப்பான் எல்லாம் வேண்டும், மே மாதம் ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து ஆய்வும் நடக்கும், அந்த வாடகையில் இதற்கெல்லாம் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். குறைக்க நல்ல வழி, பள்ளிக்கு ஒரு ஸ்டேஜ் பக்கமாகப் போய் ஏறுவது. பேருந்துக் கட்டணம் ஸ்டேஜ் கணக்கில் வருகிறது என்றால், முக்கால் கிலோமீட்டர் நடந்துபோய் அந்த ஸ்டாப்பில் ஏற்றிவிடுவதால் மாதம் இருநூறு, முந்நூறு குறையலாம்.

டியூஷன் விஷயத்தில் நான் சொல்வது என் சொந்த அபிப்பிராயம், டீச்சர்கள் வேறு மாதிரி சொல்லலாம். ஆறாம் வகுப்புக்கு எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து மாலையில் இரண்டு மணி நேரம் உட்கார வைக்கும் டியூஷன், பெரும்பாலும் வீட்டுப்பாடம் முடிக்கும் இடம். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போய் ஏழு மணிக்கு வருகிறீர்கள் என்றால் அதற்கு 1,200 நியாயமான விலை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் கூலியும் அதில் அடங்கியிருக்கிறது. படிப்புக்காகத்தான் என்றால், காலாண்டுத் தேர்வுத் தாள்களை எடுத்து மார்க் எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். ஒரு கணக்குப் பாடத்தில் மட்டும்தான் என்றால் அதற்கு மட்டும் ஒரு சாரிடம் அனுப்புங்கள், செலவு பாதியாகும். மிச்சமாகும் காசைச் செலவழித்துவிட வேண்டாம், ஏனென்றால் டியூஷனின் உண்மையான பில் இன்னும் வரவில்லை. பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணக்கு என்று பாடத்துக்கு ஒரு சார், மாதக் கணக்கு போய் வருஷக் கணக்கு, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு முன்பணம். அப்போது பெரிய கோச்சிங் சென்டருக்குப் போனால் அவர்கள் சொல்லும் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும், பேசும்போது பெரும்பாலும் அதைச் சேர்க்காமல்தான் சொல்வார்கள். வீட்டில் நடத்தும் சாருக்கு அது வராது. இப்போதிலிருந்து மாதம் 500, 600 அதற்கென்று ஆர்.டி.யில் போட்டுவந்தால், இந்த இடத்தில் ஆர்.டி. சரியாகப் பொருந்தும்.

மேலே போட்ட கணக்கில் உறுதியாக நம்பக்கூடியவை, ஏற்கெனவே ரசீது கையில் இருக்கும் தொகைகளும் தேதிகளும். அனுமானம் என்பது அடுத்த வருஷ பீஸ். பிப்ரவரி, மார்ச்சுக்கு முன் ஆபீஸில் இருப்பவர்களுக்கே தெரியாது, கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். பத்து சதவீதம் ஏறும் என்று வைத்துக்கொண்டால் 4,800 கூடும், மாதத்துக்கு 400. வேன்காரரும் டீசலைக் காட்டி ஏற்றுவார். அதனால் 5,200-க்குப் பதில் 5,700 ஒதுக்கினால் ஏப்ரலில் மூச்சு முட்டாது, ஏறாவிட்டால் மிச்சம். நான் பார்த்தது நடுத்தர ஊர் மெட்ரிக் பள்ளிகள் என்பதையும் நினைவில் வையுங்கள். சென்னையில் பெரிய சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் தலைப்புகளும் தேதிகளும் வேறாக இருக்கும், இரண்டு கூடையாகப் பிரிக்கும் முறை அங்கேயும் ஓடும்.

இவ்வளவும் செய்தும் ஒரு டெர்மில் துண்டு விழுந்தால், கவுண்டருக்கு உள்ளே இருந்து பார்த்தவளாக ஒன்று சொல்கிறேன். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி, பாதிப் பணத்தோடும், மீதி எந்தத் தேதியில் என்று எழுதிய கடிதத்தோடும் வந்தவர்களை எங்கள் கரஸ்பாண்டன்ட் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. போன் எடுக்காமல் இருந்துவிட்டுத் தேர்வுக்கு முதல் நாள் வந்தவர்களிடம்தான் முகம் கடுத்தார். கடிதத்தின் நகலில் 'பெறப்பட்டது' என்று ஆபீஸ் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், ஆபீஸில் ஆள் மாறினால் பேச்சுவார்த்தை யாருக்கும் நினைவிருக்காது. மாதத் தவணையில் பீஸ் கட்டலாம் என்று பள்ளி மூலமாகவே சில கம்பெனிகள் வரும். அது உங்கள் பெயரில் எடுக்கும் கடன், ஒரு தவணை தவறினால் சிபில் மதிப்பெண்ணில் தெரியும், பையனை நடுவில் பள்ளி மாற்றினாலும் தவணை நிற்காது, கையெழுத்துப் போடுமுன் பிராசஸிங் ஃபீஸ் எவ்வளவு என்று கேளுங்கள். பீஸ் பாக்கி இருக்கிறது என்று டி.சி.யில் எழுதக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது, அப்படி யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம்.

தாளை எடுத்து உட்காரும்போது போன வருஷ ரசீதுகளோடு ஜிபே ஹிஸ்டரியையும் பாருங்கள். அந்த 500 ரூபாய்ச் சில்லறை என்று நான் போட்டது உங்கள் வீட்டில் 800-ஆக இருக்கலாம், அது அங்கேதான் தெரியும். அப்புறம் வேன்காரரிடம் மே மாதத்துக்குக் காசு உண்டா என்று இப்போதே கேட்டுவிடுங்கள், ஏப்ரலில் கேட்டால் உண்டு என்றுதான் சொல்வார்.